வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா? இரண்டு இலக்கங்களைத் தேடுங்கள்

மார்ச் 31 கடந்துவிட்டால் வரி ஆலோசகர் அலுவலகங்களின் வாட்ஸ்அப்பில் கணக்குத் தாள்கள் படங்களாக வந்து குவியத் தொடங்கும். கணினிக்கு மாறாத சிறு கடைகளில் இன்றும் பேரேட்டைக் கையால்தான் எழுதுகிறார்கள். ஆண்டு முடிந்ததும் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் ஒரே தாளில் எடுத்தெழுதி, டெபிட் தொகைகளை ஒரு பத்தியிலும் கிரெடிட் தொகைகளை இன்னொரு பத்தியிலும் கூட்டுவார்கள். இதுதான் டிரையல் பேலன்ஸ், அதாவது இருப்பாய்வு. இரண்டு பத்தியின் கூட்டுத்தொகையும் சமமாக வரவேண்டும். வராதபோது, கடையில் கணக்கு எழுதுபவர் தாளைப் படம் பிடித்து, "டேலி ஆகலை சார், எங்கே தப்புன்னு பாருங்க" என்று அனுப்பிவைப்பார்.

பேரேடு கடையில் இருக்கிறது. நம் கையில் இருப்பது ஒரு படம் மட்டுமே. அதை வைத்துக்கொண்டே தப்பு இருக்கக்கூடிய இடத்தை ஓரிரு வரிகளுக்குள் சுருக்க முடியும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் அந்த வேலை இன்னும் எளிது. விளக்கத்துக்காக ஒரு சிறிய கடையின் தாளை எடுத்துக்கொள்வோம்.

டெபிட் பத்தி:
கையிருப்பு ரொக்கம் 18,340
வங்கி இருப்பு 62,415
கொள்முதல் 4,86,250
தொடக்கச் சரக்கு 94,600
மேசை, அலமாரி 55,000
வாடிக்கையாளர் பாக்கி 72,380
கடை வாடகை 48,000
சம்பளம் 84,000
மின் கட்டணம் 13,960
வண்டிக் கூலி 21,475
உரிமையாளர் சொந்தச் செலவுக்கு எடுத்தது 60,000
மொத்தம் 10,16,420

கிரெடிட் பத்தி:
விற்பனை 6,58,900
சரக்கு கொடுத்தவர்களுக்குத் தரவேண்டியது 1,07,420
முதல் 2,00,000
வங்கிக் கடன் 51,000
மொத்தம் 10,17,320

டெபிட் பக்கம் 900 ரூபாய் குறைகிறது. 900-ஐ ஒன்பதால் வகுத்தால் 100, மீதி இல்லை.

ஒன்பது எப்படி இங்கே வந்தது? 73,280 என்று எழுதவேண்டியவர் அவசரத்தில் 72,380 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் இடத்தில் 3,000 ஆக இருந்த மூன்று, நூறு இடத்துக்குப் போனதும் 300 ஆகிவிட்டது. அதில் 2,700 குறைந்தது. நூறு இடத்தில் 200 ஆக இருந்த இரண்டு, ஆயிரம் இடத்துக்கு வந்ததும் 2,000 ஆனது. அதில் 1,800 கூடியது. ஓர் இலக்கம் பக்கத்து இடத்துக்கு நகரும்போது அதன் மதிப்பு பத்து மடங்காகும், அல்லது பத்தில் ஒன்றாகும். எப்படி நகர்ந்தாலும் ஏற்படும் மாற்றம் ஒன்பதின் மடங்குதான். 2,700, 1,800 இரண்டுமே அப்படிப்பட்டவை. அவற்றின் வித்தியாசமான 900 மட்டும் வேறு எப்படி இருக்கும்? எந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் கணக்கு இதே போக்கில்தான் போகும்.

வகுபடுகிறது என்பதைவிட, வகுத்து வரும் ஈவுதான் அதிகம் சொல்லும். இங்கே ஈவு 100. முதலில் உள்ள 1, இடம் மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம். பின்னால் உள்ள இரண்டு பூஜ்யங்கள், மாற்றம் நூறு இடத்துக்கும் ஆயிரம் இடத்துக்கும் நடுவே நடந்தது என்று காட்டுகின்றன. வித்தியாசம் 270 ஆக இருந்திருந்தால் ஈவு 30. பத்து இடத்திலும் நூறு இடத்திலும், மூன்று வித்தியாசமுள்ள இலக்கங்களைத் தேடியிருப்போம். வித்தியாசம் 63 என்றால் ஈவு 7. ஒன்று இடத்திலும் பத்து இடத்திலும், ஏழு வித்தியாசமுள்ள இலக்கங்கள்.

தேடலில் இறங்குவதற்கு முன் ஒரு வேலை உண்டு. தப்பு தாளில் இருக்கிறதா, படத்தைப் படிக்கும் நம் கண்ணில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் தெரியும் எண்களை நாமே ஒருமுறை கூட்ட வேண்டும். மேலே உள்ள டெபிட் தொகைகளைக் கூட்டினால் 10,16,420, கிரெடிட்டைக் கூட்டினால் 10,17,320. தாளின் அடியில் எழுதியிருக்கும் மொத்தங்களும் இவையே. ஆகவே எழுதியவர் எழுதியதைத்தான் நாமும் படித்திருக்கிறோம், அவர் கூட்டியதிலும் பிழையில்லை என்று நம்பலாம். நம் கூட்டலும் தாளின் கூட்டலும் ஒத்துவராவிட்டால் ஒன்பது விதிக்குப் போகவே கூடாது. ஒவ்வொரு எண்ணையும் படத்தில் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

அப்படிப் பார்க்கும்போது ஒரு விஷயம் துணைக்கு வரும். மங்கலான படத்தில் நாம் வழக்கமாகக் குழம்பும் இலக்கங்கள் 1-உம் 7-உம், 3-உம் 8-உம், 4-உம் 9-உம், 5-உம் 6-உம், 0-உம் 6-உம். இந்த ஜோடிகளின் வித்தியாசம் 6, 5, 5, 1, 6. இவற்றில் ஒன்றும் ஒன்பது இல்லை. எனவே, ஒரே ஓர் இலக்கத்தை இப்படித் தவறாகப் படித்தால் வரும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடாது. 500, 600 என்று வித்தியாசம் வந்தால் படத்தைச் சந்தேகிக்கலாம். 900 வந்தால் எழுதிய கையைச் சந்தேகிக்கலாம். விதிவிலக்கு 0-உம் 9-உம். வால் சரியாகத் தெரியாத ஒன்பது பூஜ்யம் போலவே இருக்கும். நம் தாளில் விற்பனை 6,58,900. அது உண்மையில் 6,58,000 ஆக இருந்தாலும் இதே 900 வித்தியாசம் வரும். மொத்தங்கள் ஒத்துப்போனதால் இங்கே அந்தச் சந்தேகம் நீங்கிவிட்டது. மொத்தம் எழுதாத தாளாக இருந்தால், அந்த ஒன்பதை அதே கையெழுத்தில் உள்ள மற்ற ஒன்பதுகளோடும் பூஜ்யங்களோடும் ஒப்பிட்டே ஆகவேண்டும். படம் தெளிவாக இல்லாவிட்டால், அதே படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லலாம். படமாக அனுப்பும்போது ஏற்படும் சுருக்கம் அதில் இருக்காது.

இனி தேடல். டெபிட் குறைகிறது என்றால், டெபிட் பத்தியில் ஏதோ ஒரு எண் உண்மையைவிடக் குறைவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் கிரெடிட் பத்தியில் ஏதோ ஒன்று கூடுதலாக எழுதப்பட்டிருக்க வேண்டும். குறைவாக எழுதப்பட்ட எண்ணில் சிறிய இலக்கம் முன்னால் வந்திருக்கும். ஆகவே டெபிட் பத்தியில், ஆயிரம் இட இலக்கம் நூறு இட இலக்கத்தைவிட ஒன்று குறைவாக உள்ள எண்ணைத் தேட வேண்டும். கிரெடிட் பத்தியில் அதற்கு நேர்மாறாக, ஆயிரம் இட இலக்கம் ஒன்று கூடுதலாக உள்ள எண்.

டெபிட்டில் பதினொரு வரிகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் பொருந்துவது ஒன்றே ஒன்று: வாடிக்கையாளர் பாக்கி 72,380. ஆயிரம் இடத்தில் 2, நூறு இடத்தில் 3. வங்கி இருப்பு 62,415-இல் 2-உம் 4-உம். வித்தியாசம் இரண்டு, எனவே பொருந்தாது. கிரெடிட்டில் விற்பனையின் 8-உம் 9-உம் ஒரு வித்தியாசம்தான் என்றாலும் திசை தவறு. அவற்றை மாற்றினால் கிரெடிட் இன்னும் 900 கூடும். வங்கிக் கடன் 51,000-இல் 1-உம் 0-வும் பொருந்துகின்றன. அது 50,100 ஆக இருந்திருக்கலாம். பதினைந்து வரிகளில் சந்தேகம் இரண்டு வரிகளுக்குச் சுருங்கிவிட்டது.

எது என்பதைப் படம் சொல்லாது. 'பார்த்தால் பாக்கிதான் தப்பு மாதிரி தெரியுது' என்று எண்ணைத் திருத்திவிடவும் கூடாது. கடைக்காரரிடம் இரண்டே பக்கங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: வங்கி தந்த கடன் கணக்கு அறிக்கை, பேரேட்டில் வாடிக்கையாளர் பாக்கியின் பக்கம். கடன் அறிக்கையில் 51,000, பேரேட்டில் 73,280 என்று இருந்தால் வேலை முடிந்தது; பேரேட்டிலிருந்து தாளுக்கு எடுத்தெழுதும்போதுதான் இலக்கங்கள் இடம் மாறின.

இரண்டு பக்கங்களும் தாளோடு ஒத்துப்போனால்? இந்த முறை எங்கே நின்றுபோகும் என்பது அப்போது தெரியும். இலக்கங்கள் பேரேட்டுக்குள்ளேயே மாறியிருக்கலாம். வண்டிக் கூலி கணக்கில் ஒரு நாள் 2,150 என்று ஏற்றவேண்டியதை 1,250 என்று ஏற்றியிருந்தாலும் வித்தியாசம் இதே 900தான். ஆனால் தாளில் தெரியும் 21,475 என்ற ஆண்டு இருப்பில் அந்தச் சுவடு இருக்காது. அப்போதும் ஈவு உதவும்: நாளேட்டோடு பேரேட்டை ஒப்பிடும்போது, ஆயிரத்திலும் நூறிலும் ஒன்று வித்தியாசமுள்ள இலக்கங்கள் வரும் பதிவுகளை முதலில் பார்க்கலாம்.

ஒன்பதால் வகுபடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரு பூஜ்யம் விட்டுப்போனால், 4,500 என்பதை 450 என்று எழுதினால், வித்தியாசம் 4,050. அதை ஒன்பதால் வகுத்தால் 450. ஈவே தப்பான எண்ணாக வந்து நிற்கும். ஈவு 450 போல ஒற்றை இலக்கமும் பூஜ்யங்களுமாக இல்லாவிட்டால், பக்கத்து இலக்கங்கள் மாறியதாக எண்ணாமல், அந்த ஈவோ அதன் பத்து மடங்கோ தாளில் இருக்கிறதா என்று தேட வேண்டும். 900 ரூபாய் இருப்புள்ள ஒரு கணக்கு தாளில் ஏறாமலே விட்டுப்போயிருக்கலாம். 450 ரூபாய் பக்கம் மாறி ஏறியிருக்கலாம்; அப்படிப்பட்ட பிழையில் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் தெரியும். எந்தக் காரணமும் இல்லாமலே எடுக்கிற எண்களில் ஒன்பதில் ஒன்று ஒன்பதால் வகுபடும் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு மூன்று பிழைகள் சேர்ந்து வந்த வித்தியாசமானால் ஈவு நம்மைத் தவறான வரிக்கு அழைத்துப் போகும். அதனால்தான் பேரேட்டைப் பார்க்காமல் எதையும் திருத்தக் கூடாது என்கிறேன். அவசரத்துக்கு அந்த 900-ஐ அனாமத்துக் கணக்கில் போட்டுச் சமமாக்கினாலும், பிழை பேரேட்டில் அப்படியே இருக்கும். அடுத்த ஆண்டுத் தொடக்க இருப்பிலும் வந்து சேரும்.

பாக்கியை 73,280 என்று திருத்தியதும் இரண்டு பத்திகளும் 10,17,320-இல் நிற்கும். அப்போதும் ஒரு வகை இடமாற்றம் இந்தத் தாளுக்குத் தெரியாமலே இருந்துவிடும். 5,640 ரூபாய் கடன் பில்லை விற்பனை ஏட்டிலேயே 5,460 என்று எழுதியிருந்தால், விற்பனையும் அந்த வாடிக்கையாளர் பாக்கியும் ஒரே அளவில் 180 குறையும்; டிரையல் பேலன்ஸ் கச்சிதமாகச் சமமாகும். அதைப் பிடிக்க வேண்டுமானால் பில் புத்தகத்தின் அடிக்கட்டையோடு ஏட்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அல்லது வாடிக்கையாளருக்கு பாக்கி விவரம் அனுப்பி அவர் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று கேட்க வேண்டும்.