மீட்டருக்கு எவ்வளவு கான்கிரீட்? மனையோர வாய்க்காலின் கணக்கு

மேட்டிலிருந்து மழைநீர் இறங்கிவரும் மனைகளில், ஓரமாக ஒரு திறந்த வாய்க்கால் வெட்டிக் கான்கிரீட் பூசுவது இப்போது பரவலாகிவருகிறது. கன்டிராக்டர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, “ரன்னிங் மீட்டருக்கு இவ்வளவு” என்று ஒரு விலை சொல்வார். நாமும் நீளத்தை அந்த விலையால் பெருக்கிப் பார்த்துப் பேரம் பேசுவோம். ஆனால் அந்த ஒரு மீட்டருக்குள் எத்தனை கனமீட்டர் கான்கிரீட் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. விலை நியாயமா இல்லையா என்பது அந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் அதை நாமே போட்டுவிடலாம்.

வாய்க்காலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் வடிவம் சரிவகம். அடி குறுகல், வாய் அகலம், இரண்டு பக்கமும் சாய்வு. பக்கச் சுவரை நேராக நிறுத்தினால் வெளியே இருக்கும் மண் அதை உள்நோக்கித் தள்ளும்; அதைத் தாங்கக் கனமான சுவரோ கம்பியோ வேண்டும். சாய்வாக இருந்தால் கான்கிரீட் மண்ணின் மேல் படுத்துக்கொள்கிறது. கெட்டியான மண்ணில், சிறிய வாய்க்காலுக்குக் கம்பியில்லாத 10 செ.மீ. கான்கிரீட்டே போதும். இதற்கு நாம் கொடுக்கும் விலை, அகலம். அதே ஆழத்துக்கு நேர்ச்சுவர் வாய்க்காலைவிட இது கூடுதல் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டு

30 மீட்டர் நீளமுள்ள மனையோரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாய்க்காலின் உள் அளவுகள்: அடி அகலம் 30 செ.மீ., ஆழம் 40 செ.மீ., மேல் அகலம் 90 செ.மீ. அதாவது ஒவ்வொரு பக்கமும் 40 செ.மீ. உயரத்துக்கு 30 செ.மீ. சாய்கிறது. 3, 4, 5 முக்கோணத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்குச் சாய்வின் நீளம் 50 செ.மீ. என்று உடனே தெரிந்துவிடும். இந்த அளவைத் தேர்ந்ததே கணக்கு எளிதாக வரட்டும் என்பதற்காகத்தான்.

இந்த வாய்க்கால் எவ்வளவு நீரைத் தாங்கும்? விளிம்பில் 10 செ.மீ. காலியாக விட்டு, 30 செ.மீ. உயரத்துக்கு நீர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அடி 200 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கினால், அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889இல் முன்வைத்த சூத்திரத்தின்படி நொடிக்குச் சுமார் 210 லிட்டர் போகும். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டி, அதில் பத்தில் ஆறு பங்கு ஓடிவந்தால், 2 ஏக்கர் சரிவிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 135 லிட்டர் வரும். ஆகவே பின்புறம் 2 ஏக்கர் மேட்டுநிலம் இருக்கும் மனைக்கு இந்த அளவு தாராளம். ஒரே வீட்டின் கூரைநீருக்கு மட்டும் என்றால் இவ்வளவு பெரிய வாய்க்கால் வீண்.

சரிவகத்துக்குள் சரிவகம்

கான்கிரீட்டின் கன அளவைக் கண்டுபிடிக்க நேரான வழி ஒன்று உண்டு. வெளிச் சரிவகத்தின் பரப்பிலிருந்து உள் சரிவகத்தின் பரப்பைக் கழித்தால், மிஞ்சுவது கான்கிரீட். ஒரு மீட்டர் நீளத்துக்கு அந்தப் பரப்பே கன அளவும் ஆகிவிடும்.

உள் சரிவகம் எளிது. மேல் அகலம் 0.90, அடி 0.30, இரண்டின் சராசரி 0.60. அதை ஆழமான 0.40ஆல் பெருக்கினால் 0.24 சதுர மீட்டர்.

வெளிச் சரிவகத்தில்தான் சறுக்கல். கனம் 10 செ.மீ. என்றால், அது சாய்ந்த முகத்துக்குச் செங்குத்தாக அளக்கப்படும் 10 செ.மீ. மேலே விளிம்பில் டேப்பைப் படுக்கையாக வைத்து அளந்தால் அதே கனம் 12.5 செ.மீ. காட்ட வேண்டும். 50 செ.மீ. சாய்வுக்கு 40 செ.மீ. உயரம் என்ற அதே விகிதத்தில், 10ஐ ஐந்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் வருவது இது. ஆக வெளி மேல் அகலம் 0.90 + 0.125 + 0.125 = 1.15 மீட்டர். வெளி ஆழம் 0.50. இதே சாய்வில் கீழே இறங்கினால் வெளி அடி அகலம் 0.40. சராசரி 0.775; அதை 0.50ஆல் பெருக்கினால் 0.3875.

கழித்தால் 0.3875 − 0.24 = 0.1475. ஒரு ரன்னிங் மீட்டருக்கு 0.1475 கனமீட்டர் கான்கிரீட். 30 மீட்டருக்கு ஏறத்தாழ 4.43 கனமீட்டர்.

இப்போது அந்தப் படுக்கை அளவுக்குத் திரும்புவோம். விளிம்பில் 12.5 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 10 செ.மீ. மட்டும் விட்டு, “டேப் வைத்துப் பாருங்கள், சரியாகப் பத்து” என்று காட்டினால் நாம் தலையாட்டிவிடுவோம். ஆனால் சுவரின் உண்மையான கனம் 8 செ.மீ.தான். அப்போது மீட்டருக்கு 0.1225 கனமீட்டரே போகும். 30 மீட்டரில் முக்கால் கனமீட்டர் குறையும். சிமென்ட்டாகச் சொன்னால் ஆறு மூட்டை. பெரும்பாலும் இதில் வஞ்சகம் இருக்காது. படுக்கையாக அளக்கும் பழக்கம்தான் காரணம். ஆனால் காசு கொடுப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொரு குறுக்கு வழியும் எஸ்டிமேட்டுகளில் வரும். உள்முகத்தின் மொத்த நீளம் 0.50 + 0.30 + 0.50 = 1.30, அதைக் கனத்தால் பெருக்கி 0.13 என்று முடித்துவிடுவார்கள். அடியும் பக்கமும் சேரும் இரு மூலைகளின் கான்கிரீட் இதில் விடுபட்டுப்போகிறது. வேலை நடக்கும்போது கடைசி நாலு மீட்டருக்குக் கலவை பற்றாமல் போவது பலநேரம் இதனால்தான்.

மூட்டையும் யூனிட்டும்

எம்20 கலவை, அதாவது 1:1½:3, என்று வைத்துக்கொண்டால் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட், 0.42 கனமீட்டர் எம்-சாண்ட், 0.84 கனமீட்டர் ஜல்லி வேண்டும். உலர்ந்த பொருள்களைக் கலக்கும்போது ஜல்லியின் இடுக்குகளில் மணலும் சிமென்ட்டும் இறங்கி அளவு சுருங்குவதால், இவற்றின் கூட்டுத்தொகை ஒரு கனமீட்டரைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

நம் 30 மீட்டருக்கு 36 மூட்டை சிமென்ட் வரும். கடைக்காரர் பேசுவது யூனிட்டில்; ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அந்தக் கணக்கில் எம்-சாண்ட் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, ஜல்லி ஒன்றே கால் யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதல். சேதாரத்துக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்துக்கொள்ளலாம்.

மண்வெட்டுக்கு வெளிச் சரிவகத்தின் 0.3875உடன், அடியில் போடும் 5 செ.மீ. மட்டக் கான்கிரீட்டுக்கான 0.02ஐச் சேர்த்தால் மீட்டருக்கு 0.41 கனமீட்டர். 30 மீட்டருக்கு 12 கனமீட்டரைத் தாண்டும். வெட்டிய மண் உதிர்ந்து பெருகும். கால் பங்கு கூடுவதாக வைத்தால் அள்ளிப்போட வேண்டியது 15 கனமீட்டர், ஐந்து யூனிட்டுக்கு மேல்.

தரை சமமாக இருந்தால்

இந்தக் கணக்கெல்லாம் தரையும் வாய்க்காலும் ஒரே வாட்டத்தில் இறங்கும்போதுதான் சரி. தரை சமமாக இருந்து, வாய்க்காலின் அடி மட்டும் 200க்கு 1 என்று இறங்கினால், 30 மீட்டர் போவதற்குள் ஆழம் 15 செ.மீ. கூடிவிடும். தொடக்கத்தில் 40 செ.மீ., முடிவில் 55 செ.மீ. அப்போது சராசரி ஆழத்துக்குக் கணக்கிட வேண்டும். மீட்டருக்குச் சராசரியாக 0.166 கனமீட்டர் கான்கிரீட், மொத்தம் ஏறத்தாழ 5 கனமீட்டர். மண்வெட்டு 15 கனமீட்டர் ஆகிவிடும். முதல் மீட்டரை மட்டும் அளந்து விலை பேசினால், கடைசியில் “கூடுதல் வேலை” என்று தனி பில் வருவது இப்படித்தான். வேலைக்கு முன்பே இரு முனைகளிலும் ட்யூப் லெவல் வைத்துப் பார்த்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

எங்கே கெடும், எப்படித் தெரியும்

ஜேசிபி வாளி சாய்வாக வெட்டாது. பள்ளத்தை நேர்ச்சுவராகத் தோண்டிவிடும். பிறகு சாய்வுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத் தளர்ந்த மண்ணால் நிரப்பி, அதன்மேல் கான்கிரீட் போட்டால், முதல் மழையிலேயே மண் இறங்கி, கான்கிரீட் கீழே பிடிப்பில்லாமல் நீளவாக்கில் விரியும். நடு அகலத்தை மட்டும் இயந்திரத்தால் எடுத்து, சாய்வை மண்வெட்டியால் செதுக்குவதே சரி. வெளி அளவில் ஒரு மரச் சட்டம் அடித்து, அதைப் பள்ளத்தில் இறக்கி இறக்கிப் பார்த்தால் எங்கே மண் துருத்துகிறது, எங்கே குழிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்தச் சாய்வு சற்றுச் செங்குத்தானது. கலவையில் தண்ணீர் கூடினால் பக்கத்திலிருந்து வழிந்து அடியில் சேரும். அடி 15 செ.மீ. கனமாகவும், விளிம்பு 5 செ.மீ.யாகவும் முடியும். மொத்தக் கன அளவு சரியாக இருந்தாலும் வாய்க்கால் பலவீனமாகிவிடும். கெட்டியான கலவை போட்டு, பக்கத்துக்குப் பலகை வைத்து, கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். கான்கிரீட் பச்சையாக இருக்கும்போதே, சாய்வுக்குச் செங்குத்தாக ஒரு மெல்லிய கம்பியைக் குத்தி எடுத்தால் கனம் தெரிந்துவிடும். மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள்.

மண்ணுக்குள் தேங்கும் நீர் காலி வாய்க்காலின் சுவரை உள்ளே தள்ளும். அதற்காகப் பக்கங்களில் ஆங்காங்கே சிறிய பி.வி.சி. குழாய்களை விட்டு, பின்புறம் ஜல்லி வைப்பார்கள். சுமார் 3 மீட்டருக்கு ஓர் இணைப்பு விட்டால், விரிசல் அங்கேயே அடங்கும். கரிசல் மண்ணில் இவை மட்டும் போதாது. நனைந்தால் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் அந்த மண்ணைச் சற்று அகற்றி, கிராவல் நிரப்பிக் கெட்டித்த பிறகே கான்கிரீட் போட வேண்டும்.

இடத்தையும் மறக்கக் கூடாது. உள் அகலம் 90 செ.மீ. என்றாலும் கான்கிரீட்டோடு சேர்த்து 1.15 மீட்டர் வேண்டும். அது முழுவதும் நம் எல்லைக்குள் அமைய வேண்டும். பக்கத்துக் காம்பவுண்ட் சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டினால் சுவர் சாயும் ஆபத்தும் உண்டு.

எனவே ஒப்பந்தத்தில் “ரன்னிங் மீட்டருக்கு இவ்வளவு ரூபாய்” என்பதோடு நிறுத்தாதீர்கள். உள் அளவுகள், சாய்வுக்குச் செங்குத்தான கனம், மீட்டருக்கு எத்தனை கனமீட்டர் கான்கிரீட் ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். இரண்டு கன்டிராக்டர்களின் விலையை ஒப்பிடுவதற்கு முன், இருவரும் ஒரே கன அளவைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். 0.1475க்குச் சொன்ன விலையையும் 0.1225க்குச் சொன்ன விலையையும் அருகருகே வைத்து, குறைவானதைத் தேர்ந்தால் அது சிக்கனம் ஆகாது.