மின்னஞ்சலில் எங்கிருந்து வருகிறது இந்த '='?

ஆங்கிலத்தில் வந்த மின்னஞ்சலைத் திறந்தால் don't என்ற சொல் இப்படி நிற்கிறது:

```
don=E2=80=99t
```

வைரஸ் என்று பயப்பட வேண்டாம். இது அஞ்சலைக் கட்டி அனுப்பிய கட்டு. பிரிக்க வேண்டியவர் பிரிக்காமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்.எம்.டி.பி. விதிமுறையை அமெரிக்கரான ஜான் போஸ்டல் 1982-இல் எழுதினார். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து 128 குறிகள் மட்டுமே அன்று அந்தப் பாதையில் போக முடிந்தது. வளைந்த மேற்கோள் குறிக்கே அதில் இடமில்லாமல் இருந்தது. தமிழுக்கு எங்கே இருந்திருக்கப் போகிறது?

1990-களில் 'மைம்' என்ற ஏற்பாடு வந்தது. அதில் ஒரு முறையின் பெயர் கோட்டட் பிரிண்டபிள். பாதையில் போக முடியாத ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமக்குறி, இரண்டு எழுத்து என மாற்றி அனுப்புவார்கள். 'அம்மா' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. ஆக, 15 பைட்டு 45 எழுத்தாக நீள்கிறது:

```
=E0=AE=85=E0=AE=AE=E0=AF=8D=E0=AE=AE=E0=AE=BE
```

தமிழுக்கு இது கட்டுப்படியாகாத முறை. அதனால் தமிழ் அஞ்சல்கள் பெரும்பாலும் பேஸ்64 என்ற வேறு முறையில் போகின்றன. அதில் அம்மாவுக்கு 20 எழுத்து போதும். இந்தச் சமக்குறிகளை ஆங்கில அஞ்சல்களில் அதிகம் பார்ப்பது இதனால்தான்.

சொல்லின் நடுவே தனியாக ஒரு சமக்குறி நிற்பதற்குக் காரணம் வேறு. இந்த முறையில் ஒரு வரி 76 எழுத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சொல்லை எங்கு வேண்டுமானாலும் வெட்டி, 'இது நிஜ வரிமுடிவு அல்ல' என்பதற்கு அடையாளமாக ஒரு '=' போடுவார்கள். நிஜமான சமக்குறிக்கே குழப்பம் வரக்கூடாதென்று அது =3D ஆகிவிடும். இணைய முகவரியில் =3D இருந்தால் அந்த இணைப்பு வேலை செய்யாமல் போகலாம். அதை '=' என்று திருத்திப் பாருங்கள்.

பிரிக்கச் சொல்லும் குறிப்பு அஞ்சலின் தலைப்பகுதியில் இருக்கும்:

```
Content-Transfer-Encoding: quoted-printable
```

அனுப்பிய நிரல் இதை எழுத மறந்தாலோ, வழியில் ஏதாவது மென்பொருள் இதைக் களைந்தாலோ குறிகள் அப்படியே திரைக்கு வந்துவிடும். ஜிமெயிலில் Show original அழுத்தினால் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்கலாம்.

சமக்குறி இல்லாமல் à®…à®®à¯ என்று தெரிந்தால் நோய் வேறு: கட்டைப் பிரித்தாகிவிட்டது, ஆனால் யூ.டி.எப்.-8 எழுத்தை மேற்கத்திய எழுத்துப் பட்டியலை வைத்துப் படித்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் பெரும்பாலும் மீட்டுவிடலாம், பைட்டுகள் இன்னும் உள்ளேயே இருப்பதால். வரிசையாக ????? என்று மட்டும் வந்து, மூல அஞ்சலிலும் அப்படியே இருந்தால் எழுத்து வழியிலேயே தொலைந்துவிட்டது. அனுப்பியவரிடம் மறுபடி கேட்பதுதான் வழி, இம்முறை பி.டி.எப். கோப்பாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.