டிரைவிங் ஸ்கூல் பேக்கேஜ்: எது மலிவுன்னு எப்படிக் கணக்குப் போடுறது?

கார் கத்துக்கலாம்னு ரெண்டு ஸ்கூல்ல விசாரிக்கிறீங்கன்னு வைங்க. முதல் ஸ்கூல்: ‘லைசென்ஸோட எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய், 15 கிளாஸ்.’ இரண்டாவது: ‘6,000 ரூபாய், 20 கிளாஸ். ஆர்டிஓ ஃபீஸ் உங்களோடது, டெஸ்ட் அன்னைக்கு கார் வாடகை 500.’ எது லாபம்?

முதல்ல அரசுக் கட்டணத்தைத் தனியா எடுத்துடுவோம். காருக்கு மட்டும்னா, எல்எல்ஆருக்கு 150, அதோட தேர்வுக்கு 50, டிரைவிங் டெஸ்டுக்கு 300, லைசென்ஸ் வழங்க 200. மொத்தம் 700 ரூபாய். மாநில சேவைக் கட்டணம் இருந்தா கொஞ்சம் கூடும். கியர் பைக்கும் சேர்த்தா எல்எல்ஆர்ல 150, டெஸ்ட்ல 300 அதிகம். ‘லைசென்ஸ் செலவே 4,000 ஆகும்’னு சொன்னா, மீதி எதுக்குன்னு கேளுங்க.

இப்போ முதல் ஸ்கூல்ல 700 போக 6,800. அரை மணி நேர கிளாஸ்னா, 15 கிளாஸுக்கு ஏழரை மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 907 ரூபாய். இரண்டாவதுல கார் வாடகையோட 6,500, பத்து மணி நேரம். மணிக்கு 650 தான். மோட்டார் வாகன விதிகளும் கார் பயிற்சிக்கு 21 நாள், குறைஞ்சது பத்து மணி நேரம் ஓட்டணும்னுதான் சொல்லுது. முதல் ஸ்கூல் அங்கேயே அடிபடுது.

ஆனா இங்க ஒரு சிக்கல் இருக்கு. இரண்டாவது ஸ்கூல், அந்த அரை மணி நேரத்துல ரெண்டு பேரை ஏத்தினா? நீங்க ஸ்டியரிங் பிடிக்கிறது 15 நிமிஷம்தான். பத்து மணி நேரம் அஞ்சாகி, மணிக்கு 1,300 ரூபாய் ஆயிடும். அதனால ‘எத்தனை கிளாஸ்?’னு கேட்காதீங்க. ‘ஒரு கிளாஸ்ல நான் எத்தனை நிமிஷம் ஓட்டுவேன், கூட யார் வருவாங்க?’ன்னு கேளுங்க.

அடுத்தது வண்டி. லைசென்ஸ்ல கியர் கார், ஆட்டோமேட்டிக்னு தனித்தனி வகை கிடையாது, ரெண்டுமே எல்எம்வி. ஆட்டோமேட்டிக்ல மட்டும் கத்துக்கிட்டாலும் சட்டப்படி கியர் காரை ஓட்டலாம், ஆனா கிளட்ச் கைவராது. வீட்டுல இருக்கறது கியர் காரா இருந்தா அதுலயே கத்துக்கோங்க. டெஸ்டுக்கும் அதே கார்தான் வருமான்னு உறுதி பண்ணிக்கோங்க.

கடைசியா, ஃபெயில் ஆனா? ஏழு நாள் கழிச்சுதான் மறுபடி போக முடியும், டெஸ்ட் கட்டணம் 300 திரும்பக் கட்டணும். ‘எல்லாம் சேர்த்து’ங்கறதுல இதுவும், அன்னைக்குக் கார் வாடகையும் அடக்கமான்னு கேட்டு, பில்லுல எழுதி வாங்குங்க. எல்எல்ஆர் ஆறு மாசம்தான் செல்லும், முதல் 30 நாள் டெஸ்டுக்குப் போகவும் முடியாது. ஸ்கூல்காரங்க விண்ணப்பம் போட்டாலும் உங்க மொபைல் நம்பரையே கொடுக்கச் சொல்லுங்க. அப்போ ஓடிபி உங்களுக்கு வரும், எவ்வளவு கட்டினாங்கன்னு ரசீதை நீங்களே பார்க்கலாம்.