பிப்ரவரி ஏலக்காய்க்கு ஏப்ரல் பில்லில் கழிவு: கிரெடிட் நோட் எழுதும் முறை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் கண்ணையும் சல்லடையையும் நம்பி நடக்கிறது. போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு சரிவுகளில் பறித்த காய், ஸ்டோரில் உலர்ந்து, போடியிலும் புற்றடியிலும் நடக்கும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின் ஏலத்தில் கைமாறுகிறது. ஏலத்தில் எடுத்த வியாபாரி அதைச் சலித்து, மில்லிமீட்டர் அளவு வாரியாகப் பிரித்து, நிறம் பார்த்து, வெளியூருக்கு அனுப்புகிறார். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கு ஒரு விலை, 7 முதல் 8 வரையுள்ள காய்க்கு அதைவிடக் குறைந்த விலை. சரக்கு டெல்லிக்குப் போய் இறங்கியதும் வாங்கியவரும் சலித்துப் பார்ப்பார். பத்து மூட்டையில் இரண்டில் சிறிய காய் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்வார். நியாயம்தான். ஆனால் பில் போட்டாயிற்று, பணமும் வந்துவிட்டது, வரியும் கட்டியாயிற்று. இந்த நிலையில் பழைய பில்லைத் திருத்துவதற்குச் சட்டம் தந்திருக்கும் தாள்தான் கிரெடிட் நோட்.

விற்றவர் வாங்கியவருக்குக் கொடுக்கும் ஆவணம் அது. ‘இந்த எண்ணுள்ள, இந்தத் தேதியிட்ட இன்வாய்ஸில் நான் கேட்ட தொகை இவ்வளவு கூடுதல், அதை உங்கள் கணக்கில் வரவு வைக்கிறேன்’ என்பதே அதன் பொருள். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவு இதற்கு மூன்று காரணங்களை ஏற்கிறது: இன்வாய்ஸில் காட்டிய மதிப்போ வரியோ உரியதைவிடக் கூடியிருப்பது, சரக்கு திரும்பி வருவது, அனுப்பிய சரக்கில் குறை இருப்பது. பழைய இன்வாய்ஸைக் கிழித்துவிட்டு அதே எண்ணில் வேறொன்று அடிக்க முடியாது. மின் இன்வாய்ஸாக இருந்தால் அதைப் பதிவு செய்த 24 மணி நேரத்துக்குப் பின் அந்தத் தளத்தில் ரத்து செய்யவும் வழியில்லை. ஆகவே இன்வாய்ஸ் அப்படியே நிற்கும். அதன் பக்கத்தில் கிரெடிட் நோட் நிற்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மையான விலை தெரியும்.

சிக்கல் தொடங்குவது அடுத்த அடியில். வாங்கியவர் முதல் இன்வாய்ஸுக்கான பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டார் என்றால், வரவு வைத்த தொகை கழிய இடமின்றி நிற்கிறது. அதைப் பணமாகத் திருப்புவதைவிட அடுத்த சரக்கின் பில்லில் கழித்துக்கொள்வதே கடைத்தெரு வழக்கம். வழக்கத்தில் தவறில்லை, அதை எழுதும் விதத்தில்தான் தவறு வருகிறது. என் வாதம் இதுதான்: கிரெடிட் நோட் திருத்துவது பழைய இன்வாய்ஸின் விலையை, அடுத்த இன்வாய்ஸில் நடப்பது வெறும் பணக் கழிவு. விலைத் திருத்தத்தையும் பணக் கழிவையும் ஒரே வரியில் கலந்து எழுதினால் இரண்டு பில்களும் பொய்யாகிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். போடி வியாபாரி ஒருவர் 2025 பிப்ரவரி 20 அன்று டெல்லி மொத்த வியாபாரிக்கு 8 மி.மீ. ஏலக்காய் 500 கிலோவை, 50 கிலோ மூட்டைகள் பத்தாக, கிலோ 3,000 ரூபாய்க்கு விற்கிறார். மதிப்பு 15,00,000 ரூபாய். ஏலக்காய்க்கு வரி 5 சதவீதம். வெளிமாநில விற்பனை என்பதால் முழுவதும் ஐ.ஜி.எஸ்.டி., 75,000 ரூபாய். மொத்தம் 15,75,000. பணம் வந்துவிட்டது. அதன்பின் இரண்டு மூட்டைகளில் 7–8 மி.மீ. காய் இருந்தது தெரிகிறது. அந்த 100 கிலோவுக்கு மட்டும் கிலோவுக்கு 150 ரூபாய் குறைக்க இருவரும் ஒப்புகிறார்கள். விலை வித்தியாசம் 15,000, அதன்மேல் வரி 750, ஆக 15,750 ரூபாய். மார்ச் 10 அன்று கிரெடிட் நோட் போடப்படுகிறது. ஏப்ரல் 8 அன்று அதே வியாபாரிக்கு 300 கிலோ, கிலோ 2,600 ரூபாய்க்குப் போகிறது: மதிப்பு 7,80,000, வரி 39,000, மொத்தம் 8,19,000.

இந்தக் கணக்கில் கிரெடிட் நோட்டின் வாசகம் இப்படி இருக்கலாம்:

‘கிரெடிட் நோட் எண் CN/24-25/07, தேதி 10.03.2025. எங்கள் இன்வாய்ஸ் எண் INV/24-25/312, தேதி 20.02.2025-இன் படி அனுப்பிய 500 கிலோ ஏலக்காயில், 4, 9 எண் மூட்டைகளில் இருந்த 100 கிலோ, இன்வாய்ஸில் குறித்த 8 மி.மீ. தரத்துக்குப் பதிலாக 7–8 மி.மீ. தரத்தில் இருந்ததால், அந்த அளவுக்கு மட்டும் விலை கிலோ 3,000 ரூபாயிலிருந்து 2,850 ரூபாயாகக் குறைக்கப்படுகிறது. குறையும் மதிப்பு ரூ.15,000, ஐ.ஜி.எஸ்.டி. 5% ரூ.750, மொத்த வரவு ரூ.15,750. இத்தொகை உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளது. எங்களிடமிருந்து அடுத்து வரும் இன்வாய்ஸுக்குச் செலுத்த வேண்டிய தொகையில் இதைக் கழித்துக்கொள்ளவும்.’

இதனுடன் இரு தரப்பின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், விற்றவரின் கையொப்பம் ஆகியவையும் இருக்க வேண்டும். நோட்டின் வரிசை எண் 16 எழுத்துகளைத் தாண்டாமல், அந்த நிதியாண்டில் மறுபடி வராததாக இருக்க வேண்டும். இவை விதி 53 கேட்பவை. மூட்டை எண்ணும் பழைய விலையும் புதிய விலையும் விதி கேட்பவை அல்ல. ஆனால் ஆறு மாதம் கழித்து இந்தத் தாளை எடுப்பவருக்கு 15,000 எங்கிருந்து வந்தது என்று சொல்வது அவைதான். காரணத்தை எழுதும் சொல்லிலும் கவனம் வேண்டும். தரம் குறைந்ததால் விலை குறைகிறது என்றால் அப்படியே எழுத வேண்டும்; அதைத் ‘தள்ளுபடி’ என்று எழுதக் கூடாது. விற்றபின் தரும் தள்ளுபடியை வரி மதிப்பிலிருந்து கழிக்க 15ஆம் பிரிவு தனி நிபந்தனைகள் வைத்திருக்கிறது. தவறான ஒரு சொல்லால் வேறொரு பிரிவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். மார்ச் மாதம் எழுதும் நோட்டில் ஏப்ரல் இன்வாய்ஸின் எண்ணைக் குறிப்பிட முடியாது என்பதையும் கவனிக்கவும். அந்த இணைப்பைத் தர வேண்டியது பின்னால் வரும் இன்வாய்ஸ். அதன் வாசகம்:

‘300 கிலோ, கிலோ ரூ.2,600: மதிப்பு ரூ.7,80,000. ஐ.ஜி.எஸ்.டி. 5% ரூ.39,000. இன்வாய்ஸ் மொத்தம் ரூ.8,19,000. கழிவு: கிரெடிட் நோட் எண் CN/24-25/07, தேதி 10.03.2025-இன் படி ரூ.15,750. செலுத்த வேண்டிய நிகரத் தொகை ரூ.8,03,250. இத்துடன் அந்தக் கிரெடிட் நோட் முழுவதும் தீர்ந்தது, மீதி இல்லை.’

கழிவு எங்கே வருகிறது என்பதே இதில் முக்கியம். வரி போட்டு, இன்வாய்ஸ் மொத்தம் எழுதிய பிறகுதான் வருகிறது. இன்வாய்ஸின் மதிப்பைத் தொடாமல், கட்ட வேண்டிய பணத்தை மட்டும் குறைக்கிறது. நோட்டின் தொகை இன்வாய்ஸ் மொத்தத்தைவிடப் பெரிதாக இருந்தால், கடைசி வரியில் ‘மீதி இவ்வளவு’ என்று எழுதி அடுத்த பில்லுக்குக் கொண்டுபோகலாம்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. ஏப்ரல் பில்லிலேயே மதிப்பை 15,000 குறைத்து, 7,65,000 என்று போட்டால் வரி 38,250, மொத்தம் 8,03,250. ரூபாய் பிசகாமல் அதே தொகை. வாங்கியவர் கட்டுவதும் அதுவே, அரசுக்குப் போகும் வரியும் மொத்தத்தில் அதுவே. தனித் தாள் எதற்கு? கூட்டுத்தொகை ஒத்துப்போவது உண்மை. ஆனால் அந்த பில் சொல்லும் விலை கிலோ 2,600 அல்ல, 2,550. ஏப்ரலில் அந்த விலைக்கு யாரும் விற்கவில்லை. பிறகு அந்த 300 கிலோவில் ஒரு மூட்டை திரும்பி வந்தால் எந்த விலையில் வரவு வைப்பது? 2,550 என்றால் 1,27,500. 2,600 என்றால் 1,30,000. வரிக்கு முன்பே 2,500 ரூபாய் தகராறு, தீர்த்துவைக்கத் தாள் இல்லை. இன்னொரு பக்கம் பிப்ரவரி இன்வாய்ஸ் இன்னும் 15,00,000 என்றே நிற்கிறது. சிறிய காய் வந்தது எந்த ஆவணத்திலும் இல்லை.

ஏலக்காய்த் தொழிலில் இந்தக் கலப்பு கூடுதல் தொல்லை தருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது காலம். அறுவடை பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை நடக்கிறது. அதனால் பருவத்தின் கடைசிச் சரக்குக்கான புகார்கள் நிதியாண்டு முடியும் மார்ச் 31-ஐ ஒட்டி வருகின்றன. நம் உதாரணத்தில் விலை குறைந்தது 2024–25 விற்பனையில். ஏப்ரல் பில்லில் குறைத்தால் முந்தைய ஆண்டின் விற்பனை 15,000 ரூபாய் கூடுதலாகவும், அடுத்த ஆண்டினுடையது அதே அளவு குறைவாகவும் பதிவாகும். கிரெடிட் நோட் அதை உரிய இன்வாய்ஸுடன் கட்டிவைக்கிறது. அதற்கும் எல்லை உண்டு: ஒரு நிதியாண்டின் விற்பனைக்கான நோட்டை அடுத்து வரும் நவம்பர் 30-க்குள்ளோ, அந்த ஆண்டின் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்குள்ளோ, எது முந்தியோ அதற்குள் ரிட்டர்னில் காட்டினால்தான் வரியைக் குறைத்துக்கொள்ள முடியும்.

இரண்டாவது காரணம் மலை எல்லை. போடியில் ஒரு பதிவும் கேரளப் பக்கம் இன்னொரு பதிவும் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இரண்டு ஜி.எஸ்.டி. எண்கள். பிப்ரவரி சரக்கு தமிழ்நாட்டு எண்ணிலும், அடுத்த சரக்கு கேரள எண்ணிலும் போகலாம். கேரள பில்லின் மதிப்பைக் குறைத்தால், தமிழ்நாட்டுப் பதிவில் கூடுதலாகக் கட்டிய 750 ரூபாய் அங்கேயே நின்றுவிடும். கேரளப் பதிவில் வரி குறைவாகக் கட்டியதாக ஆகும். முதல் இன்வாய்ஸைப் போட்ட எண்ணிலிருந்துதான் கிரெடிட் நோட் வர வேண்டும். பணத்தை மட்டும், இரு பதிவுகளின் கணக்கிலும் எழுதிவைத்துக்கொண்டு, கழிக்கலாம்.

இன்னொரு மறுப்பு வாங்கியவர் பக்கமிருந்து வரும்: ‘குறை கண்டது நான், நானே டெபிட் நோட் அனுப்பிக் கழித்துக்கொள்கிறேனே?’ அவர் அனுப்பலாம். ஆனால் அது அவருடைய கோரிக்கையைச் சொல்லும் தாள் மட்டுமே. ஜி.எஸ்.டி.யில் விற்றவரின் வரியைக் குறைப்பது விற்றவர் போட்டு, தன் மாத ரிட்டர்னில் காட்டும் கிரெடிட் நோட்தான். அது வாங்கியவரின் இணையக் கணக்கிலும் தெரியும். அவர் ஏற்கெனவே எடுத்த 75,000 உள்ளீட்டு வரியில் 750-ஐத் திருப்ப வேண்டும். அவர் திருப்பாவிட்டால் விற்றவர் தன் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் நோட்டில் வரியைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். ‘மொத்தம் 15,750 கழிவு’ என்று மட்டும் எழுதினால் எவ்வளவு திருப்புவது என்று அவருக்குத் தெரியாது.

இவ்வளவு சிறிய தொகைக்கு இத்தனை வேலையா என்று நினைப்பவருக்குச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. வரியைத் தொடாமல் 15,000-க்கு மட்டும் வணிகக் கிரெடிட் நோட் கொடுக்கலாம். விற்றவர் கட்டிய வரி அப்படியே நிற்கும், வாங்கியவர் எதையும் திருப்ப வேண்டாம். 750 ரூபாய் வரிக் குறைப்பு விற்றவருக்குக் கிடைக்காது, ஆனால் அதை அவர் வாங்கியவருக்கு வரவு வைக்கவும் வேண்டாம். அப்போது நோட்டில் ‘இதில் ஜி.எஸ்.டி. குறைக்கப்படவில்லை’ என்ற வரி கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் ஒருவர் வரியைக் கழிப்பார், மற்றவர் கழிக்கமாட்டார். இரு கணக்கும் ஒத்துப்போகாது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை போதும். ஏப்ரல் இன்வாய்ஸை மட்டும் தனியாகப் படித்தால் ஏப்ரல் சரக்கின் உண்மை விலை தெரிய வேண்டும். கிரெடிட் நோட்டை மட்டும் படித்தால் எந்த இன்வாய்ஸில், எந்த மூட்டைக்கு, ஏன், எவ்வளவு குறைந்தது என்பது தெரிய வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது தெரிய வேண்டும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்குத் தொலைபேசியில் கேட்டுத்தான் பதில் பெற வேண்டியிருந்தால், அதற்குரிய தாளை அனுப்புமுன் திருத்தி எழுத வேண்டும்.