ஏர்கானுக்கு இரண்டு மாடல் எண்கள்

ஜோகூரின் ஸ்கூடாயில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 2022-இல் வாங்கிய ஏர்கான் காற்றை வீசுகிறது, குளிர் மட்டும் வரவில்லை. பார்க்க வந்தவர் கம்ப்ரசர் போய்விட்டது என்கிறார். பொது உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும், கம்ப்ரசருக்கு மட்டும் தனியாக நீண்ட உத்தரவாதம் தருவது பல நிறுவனங்களின் வழக்கம். சேவை மையத்தை அழைத்தால் வரும் முதல் கேள்வி: "மாடல் எண் என்ன?"

ரசீதை எடுத்துப் பார்த்தால் கடையின் பெயர், தேதி, விலை எல்லாம் இருக்கின்றன. பொருளுக்கான வரியில் இருப்பதோ "ஏர்கான் 1 எச்.பி., இன்வெர்ட்டர், ஆர்32" என்ற சுருக்கம் மட்டுமே. ஒரே நிறுவனத்தின் இரண்டு மூன்று மாடல்களுக்கு அந்த வரி பொருந்தும். எனவே பொருளில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டைப் படமெடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். சுவரில் மாட்டும் ஏர்கான் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரு பெட்டிகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் தனி மாடல் எண்ணும் தனி வரிசை எண்ணும் உண்டு. கம்ப்ரசர் இருப்பது வெளிப்பெட்டியில். அறைக்குள் கைக்கு எட்டும் தகட்டை மட்டும் படமெடுத்து அனுப்பினால், பழுதான பாகம் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதன் அடையாளமே போய்ச் சேராது. மாடல் எண்ணின் கடைசி எழுத்துகளும் முக்கியம். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெட்டிகளில் அந்த ஓர் எழுத்து மாறினால் உள்ளிருக்கும் மின்பலகையே வேறாக இருக்கலாம்.

ரசீதும் தகடும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றனவா என்று எப்படி உறுதி செய்வது? ரசீதில் 1 எச்.பி. என்றிருந்தால், தகட்டில் குளிரூட்டும் திறன் மணிக்கு 9,000 பி.டி.யு. அளவில், அதாவது சுமார் 2.6 கிலோவாட் என இருக்க வேண்டும். 12,000-ஐ ஒட்டி இருந்தால் அது ஒன்றரை எச்.பி. பெட்டி. ரசீதில் ஆர்32 வாயு, தகட்டில் ஆர்410ஏ என்றால் சந்தேகமே வேண்டாம், அது வேறு பொருள். தகட்டில் தயாரிப்பு மாதம் இருந்தால் அது ரசீதின் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் வேறு மாடலாக இருக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் விற்ற பெட்டி இதுவேதான் என்பதற்கு அவை முழுச் சான்றாகிவிடாது. அதற்கு ரசீதிலேயே வரிசை எண் வேண்டும். பெட்டிகளை மாட்டும் நாளிலேயே இரண்டின் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் ரசீதில் எழுதி முத்திரையிட்டுத் தரும்படி கடைக்காரரிடம் கேட்பது, பிற்பாடு எடுக்கும் எந்தப் படத்தையும்விடப் பலமானது.

சில ரசீதுகளில் 13 இலக்கப் பட்டைக்கோடு எண் இருக்கும். அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிடலாம். மங்கிய இலக்கத்தைச் சரியாகப் படித்தோமா என்று சோதிக்கவும் அதில் ஒரு வழி உண்டு. 9556000123450 என்பதை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதல் பன்னிரண்டு இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 80 வருகிறது. அடுத்த முழுப் பத்தை எட்ட எதுவும் தேவையில்லை, எனவே கடைசி இலக்கம் 0. இதில் 3-ஐ 8 என்று படித்துவிட்டால் கூட்டல் 95 ஆகும். கடைசியில் 5 வர வேண்டும், தாளிலோ 0 இருக்கிறது. தவறு வெளிப்பட்டுவிடுகிறது. மாடல் எண்ணில் 8-ஐ பி என்றும், 0-ஐ ஓ என்றும் படித்துவிட்டால் காட்டிக்கொடுக்க இப்படி ஒரு சோதனை கிடையாது. படம் தெளிவாக இருப்பது ஒன்றே துணை.

தகடு பளபளப்பானது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, சற்றே சாய்வாக, முழுத் தகட்டை ஒரு படமும் எண்களை மட்டும் இன்னொரு படமும் எடுக்கலாம். வெளிப்பெட்டியை உயரத்தில் மாட்டுவதற்கு முன்பே எடுப்பது உத்தமம். பிறகு ஏணி வேண்டும், வெயிலும் மழையும் எழுத்தை மங்கச் செய்யும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்தால் எழுத்துகள் அப்படியே போகும்.

ரசீதை வாங்கிய அன்றே படமெடுப்பதற்கு வேதியியல் காரணம் உண்டு. வெப்ப அச்சு ரசீதுத் தாளில் மை இல்லை. நிறமற்ற சாயமும் ஓர் அமிலப் பொருளும் பூசப்பட்டிருக்கின்றன. அச்சுமுனையின் சூட்டில் இரண்டும் உருகிக் கலந்து கருமையாகின்றன. பிளாஸ்டிக் உறையில் உள்ள மென்மையாக்கும் வேதிப்பொருள்கள் தாளில் ஊறினால் அந்தச் சேர்க்கை கலைந்து எழுத்து மறைகிறது. பத்திரமாக உறைக்குள் வைத்த ரசீது வெறும் தாளாகிப்போவது இதனால்தான். மங்கியதை மீட்க இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கினால் தாள் முழுதும் கறுத்துவிடும். சூடாக்காமல் மங்கிய ரசீதை ஸ்கேன் செய்து கணினியில் ஒளி வேறுபாட்டைக் கூட்டினால் சில சமயம் எழுத்து தெரியும்.

நிறுவனம் மறுத்தால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கை வரம்பு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 25,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ஆக உயர்ந்தது. அங்கே முதல் படிவத்தோடு ரசீதின் படத்தையும் வெளிப்பெட்டித் தகட்டின் படத்தையும் சேர்த்து வைக்கலாம்.