கோடுகள் சொல்லும் உண்மை – 9
கண்ணை மூடிக்கொண்டு சொன்ன கதை

சென்ற வாரம் பார்த்த 'வால்ஸ் வித் பஷீர்' படத்தில், பேட்டி கொடுத்தவர்களில் இருவருக்கு நடிகர்கள் குரல் கொடுத்திருந்தார்கள். இந்த வாரம் பார்க்கும் டேனிஷ் படம் 'ஃப்ளீ' (2021) அப்படிச் செய்ய முடியாத படம். அதன் நாயகனுக்கு முகம் கிடையாது, பெயரும் மாற்றுப்பெயர்தான். அவருடையது என்று நமக்குக் கிடைப்பது குரல் ஒன்றே.

இயக்குநர் யோனாஸ் போஹர் ராஸ்முசெனுக்கு அவர் பதின்வயதிலிருந்து நண்பர். சிறுவயதில் காபூலை விட்டு ஓடி, மாஸ்கோவில் ஒளிந்து வாழ்ந்து, கடைசியில் தனியாக டென்மார்க் வந்து சேர்ந்தவர். படத்தில் அவர் பெயர் அமீன். எப்படி வந்தார் என்பதை நெருங்கிய நண்பனிடம்கூட அவர் சொன்னதில்லை. ஒருநாள் சொல்லச் சம்மதித்தார், முகம் தெரியக் கூடாது என்ற ஏற்பாட்டில். படத்தை வரைந்து எடுக்க முதல் காரணம் இதுதான்.

ராஸ்முசென் வானொலி ஆவணங்கள் செய்து பழகியவர். அங்கே கற்ற ஒரு முறையை இங்கேயும் கையாண்டார். அமீனைப் படுக்கச் சொல்லி, கண்களை மூடச் சொல்வார். நடந்ததை இப்போது நடப்பதுபோல நிகழ்காலத்தில் சொல்லச் சொல்வார். கதைக்குள் போகுமுன் இடத்தைக் கேட்பார்: வீடு எப்படி இருக்கிறது, என்ன நிறம், தோட்டத்தில் என்ன செடி? 'அப்போது பயந்தேன்' என்று ஒருவர் சொன்னால் அதை வரைய முடியாது. வாசல் எந்தப் பக்கம் என்று சொன்னால் வரையலாம். நினைவைக் கிளறும் கேள்வியே ஓவியருக்கான குறிப்பாகவும் ஆகிவிடுகிறது. இந்தப் பேட்டிகள் சில ஆண்டுகள் விட்டுவிட்டு நடந்தன.

இந்த வகைப் படத்தில் ஒலியைத்தான் முதலில் வெட்டி ஒட்ட வேண்டும். சாதாரண ஆவணப்படத்தில் கடைசி வாரம்வரை காட்சியை மாற்றிக்கொண்டே இருக்கலாம். அனிமேஷனில் ஒரு வினாடிக்கு 12 ஓவியம் என்று கணக்கு வைத்தால், 10 வினாடிக்கு 120 ஓவியம். வரைந்து முடித்த பிறகு ஒரு வாக்கியத்தைத் தூக்கினால் அத்தனை உழைப்பும் குப்பைக்குப் போகும். ஆகவே குரலை மட்டும் வைத்துப் படத்தின் நீளத்தை முடிவு செய்து, அதன்மேல் பென்சில் கோட்டுப் படங்களை ஒட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். இதற்கு அனிமேட்டிக் என்று பெயர். இந்தக் கட்டத்தில்தான் தவறு எளிதாக நடக்கிறது. வேகம் வேண்டும் என்று பேச்சின் நடுவே வரும் மூச்சையும் தடுமாற்றத்தையும் நறுக்கிவிடுகிறார்கள். நறுக்கியது காதுக்குத் தெரிந்துவிடும்: அறையின் மெல்லிய இரைச்சல் திடீரென அறுந்து ஒட்டும்; பேசுபவர் எழுதி வைத்துப் படிப்பதுபோல ஒலிப்பார். 'ஃப்ளீ'யில் அமீன் பெருமூச்சு விடுகிறார், பேச்சை நிறுத்துகிறார், இன்னொரு நாள் பேசலாம் என்கிறார். எல்லாம் படத்தில் இருக்கின்றன. பழைய காட்சிகளுக்குள் வரும் உரையாடல்களை நடிகர்கள் பேசியிருக்கிறார்கள். பேட்டியின் குரல் மட்டும் அவருடையது.

அமீனின் சகோதரிகள் ஆள்கடத்துவோரிடம் பணம் கட்டி, கப்பலில் ஒரு கன்டெய்னருக்குள் அடைபட்டுப் போகிறார்கள். உள்ளே மூச்சுத் திணறுகிறது. அமீன் அங்கே இல்லை. பிறர் சொல்லிக் கேட்டதுதான். அதுவரை வண்ணமும் தெளிவான முகங்களுமாக வந்த படம் இங்கே கரிக்கோடுகளாகக் கலைகிறது. கறுப்புக்குள் மனித உருவம்போல ஏதோ அசைகிறது, முகம் இல்லை. சாட்சி சொல்பவர் பார்க்காததை, பார்த்ததுபோல வரைய மறுத்திருக்கிறார்கள். இந்த வகைப் படத்தில் நேர்மை என்று நான் கருதுவது இதைத்தான். அவர் பார்க்கவே விரும்பாத சில நினைவுகளுக்கும் இதே கரிக்கோடுதான்.

இன்னொன்றையும் குரல் காட்டிக்கொடுக்கிறது. குடும்பத்தில் எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்றுதான் அமீன் டென்மார்க்கில் சொல்லி வந்தார். அப்படிச் சொன்னால்தான் தஞ்சம் கிடைக்கும் என்று அழைத்து வந்தவர்கள் கட்டளையிட்டிருந்தார்கள். பேட்டிகளின் போக்கில்தான், அவர்கள் உயிரோடு இருப்பதை நண்பனிடம் ஒப்புக்கொள்கிறார். அந்தத் தயக்கத்தை ஒரு நடிகர் நன்றாகவே நடித்துக் காட்டியிருக்கலாம். ஆனால் அது சாட்சியமாக இருந்திருக்காது.

ஓவியம் மட்டும் இருந்தால் இது யாரோ புனைந்த கதை என்று தோன்றிவிடும் ஆபத்து உண்டு. அதனால் இடையிடையே அந்தக் கால காபூல், மாஸ்கோவின் உண்மையான செய்திப்பட நறுக்குகள் வருகின்றன. ஆஸ்கரில் ஆவணப்படம், அனிமேஷன், சர்வதேசப் படம் என மூன்று பிரிவுகளிலும் ஒருசேரப் பரிந்துரைக்கப்பட்ட முதல் படம் இது.

பார்க்கக் கிடைத்தால் டப்பிங் வடிவத்தைத் தேடாதீர்கள். டேனிஷ் புரியாவிட்டாலும் சப்டைட்டிலோடு, அந்த மனிதரின் சொந்தக் குரலிலேயே பாருங்கள்.