தேடி வருபவர் கேட்பதைத் தலைப்பு சொல்கிறதா?

கோயம்புத்தூரில் ஒரு கிரைண்டர் கடை. ஒருவர் வந்து, "அண்ணே, புதுசா வாங்கினேன், முதல்ல எப்படிக் கழுவறதுங்க?" என்கிறார். இன்னொருவர், "டில்டிங் நல்லதுங்களா, டேபிள் டாப் நல்லதுங்களா?" என்று கேட்கிறார். மூன்றாமவர் எதை வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார். விலையும் வாரண்டியும் தெரிந்தால் போதும். நான்காமவர் உள்ளே எட்டிப் பார்த்து, "முருகன் ஸ்டோர்ஸ் இதுதானுங்களா?" என்று மட்டும் கேட்கிறார். கடைக்காரர் நால்வருக்கும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. யூடியூபில் வீடியோ போடுபவர்களில் பலரோ, இந்த நால்வரும் சேர்ந்து நிற்கும் வாசலில் ஒரே தலைப்பைத் தொங்கவிடுகிறார்கள்.

தேடுபவரின் நோக்கத்தை இப்படிப் பிரித்துப் பார்ப்பது பழைய வழக்கம். அல்டாவிஸ்டா என்ற தேடுபொறியில் பணியாற்றிய ஆண்ட்ரே ப்ரோடர், மக்கள் அதில் தட்டிய தேடல்களை ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது, ஒரு காரியத்தை முடிப்பது, ஏற்கெனவே மனதில் உள்ள ஓர் இணையதளத்துக்குப் போய்ச் சேர்வது என்று மூன்று நோக்கங்களை அவர் பிரித்துக் காட்டினார். தேடல் பதிவுகளில் ஏறக்குறைய பாதி முதல் வகை. ஐந்தில் ஒன்று கடைசி வகை. வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தனி வகையாக்கியவர்கள் பின்னால் வந்த விளம்பரத் துறைக்காரர்கள். கற்பது, ஒப்பிடுவது, வாங்குவது, சேனலைத் தேடுவது என்ற நான்கும் இப்படித்தான் சேர்ந்தன.

ஒரு சமையல் சேனலை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நானே உருவாக்கியது இது. அந்த அம்மா புதிதாக ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வாங்கி, அதைப் பற்றிப் பதினான்கு நிமிட வீடியோ எடுக்கிறார். முதல் இரண்டு நிமிடம் பெட்டியைப் பிரிக்கிறார். அடுத்த நான்கு நிமிடம் வீட்டில் இருக்கும் பழைய டில்டிங் கிரைண்டரோடு ஒப்பிடுகிறார். பிறகு ஐந்து நிமிடம் கழுவிப் பழக்கும் முறை வருகிறது. ஊறவைத்த அரிசி ஒரு கை போட்டு அரைக்கிறார். சாம்பல் நிறத்தில் கல்தூள் கலந்து வரும் மாவைக் கொட்டுகிறார். மாவு வெள்ளையாக வரும்வரை இதையே திரும்பச் செய்கிறார். கடைசி மூன்று நிமிடம் விலை. தலைப்பு: "இப்படி ஒரு கிரைண்டரா?! வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!"

இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் "புது கிரைண்டர் எப்படிக் கழுவுவது" என்று தேடுகிறவருக்கு இது தன் கேள்விக்கான வீடியோ என்று தெரிய வழியே இல்லை. "கழுவு" என்ற சொல் தலைப்பில் எங்கும் கிடையாது. யூடியூப் தேடலில் ஒரு வீடியோ மேலே வருவதற்குப் பார்க்கப்படும் விஷயங்களில், தலைப்பும் விளக்கமும் வீடியோவின் உள்ளடக்கமும் தேடிய சொற்களோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பதும் ஒன்று. தேடியவர்கள் அந்த வீடியோவை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பது இன்னொன்று. இந்த அம்மாவுக்கு இரண்டிலும் அடி விழுகிறது. பொருந்தும் சொல் இல்லை. தப்பித் தவறி வந்தவரும் கழுவும் பகுதி ஆறாவது நிமிடத்தில்தான் தொடங்கும் என்று அறியாமல் முதல் நிமிடத்திலேயே போய்விடுகிறார்.

யார் எதைத் தேடி வந்தார்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் பார்வைகள் எங்கிருந்து வந்தன என்ற பட்டியல் இருக்கிறது. அதில் YouTube search என்ற வரியைத் திறந்தால், மக்கள் தட்டிய சொற்களே கிடைக்கும். நம் அம்மாவின் பட்டியலில் இந்த மூன்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

```
new grinder eppadi kazhuvuvathu
tilting vs table top grinder tamil
wet grinder price coimbatore
```

மூன்று வரி, மூன்று ஆட்கள். முதலாமவருக்கு வேலை தெரிய வேண்டும். அவர் கேள்வியில் எப்படி, ஏன், என்ன செய்யலாம் என்ற சொற்கள் வரும். சில நேரம் "மாவு சூடாகுது", "கல் சுத்தல" என்று கோளாறு மட்டுமே வரும். அப்படிப்பட்டவருக்கான தலைப்பும் அதே கோளாறைச் சொல்லித் தொடங்க வேண்டும். "கிரைண்டர் பராமரிப்பு ரகசியங்கள்" என்பதைவிட "கிரைண்டர் கல் சுத்தலையா? முதலில் பெல்ட்டைப் பாருங்க" என்பது அவரை நிறுத்தும்.

இரண்டாமவருக்கு இரண்டு பெயரும் தலைப்பில் இருக்க வேண்டும். "எது சிறந்த கிரைண்டர்?" என்று போட்டால், எதையும் எதையும் ஒப்பிடுகிறார்கள் என்று அவருக்குப் புரியாது. எந்த அடிப்படையில் ஒப்பிடுகிறோம் என்று சொன்னால் இன்னும் நல்லது. "டில்டிங், டேபிள் டாப்: மாவு எடுக்கவும் கழுவவும் எது சுலபம்?" என்ற தலைப்பு, டில்டிங்கைச் சாய்த்து மாவை ஊற்றலாம், டேபிள் டாப்பின் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கழுவலாம் என்ற விவாதம் உள்ளே இருப்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. விலையை மட்டும் பார்ப்பவர் விலகிப் போவார். போகட்டும், அவருக்கான வீடியோ இது இல்லை.

மூன்றாமவர்தான் கவனமாகக் கையாள வேண்டிய ஆள். அவர் தேடலில் விலை, மாடல் பெயர், ஊர்ப் பெயர், "5000 ரூபாய்க்குள்" போன்ற வரம்பு வரும். அவர் கையில் பணம் இருக்கிறது. அதனாலேயே அவரை இழுக்க ஆசை வரும், பழசாகிப்போன தகவலைக் கொடுத்துவிடவும் கூடும். ஆண்டு மாறியதும் உள்ளே ஒன்றையும் மாற்றாமல் தலைப்பில் மட்டும் புது ஆண்டைத் திருத்துவது தமிழ்ச் சேனல்களில் அடிக்கடி கண்ணில் படும் வழக்கம். வீடியோவில் சொல்லும் விலை பழையது, தலைப்பு மட்டும் புதியது. சம்பளக் காசைச் சேர்த்து வைத்து வாங்க வருபவரிடம் இப்படிச் செய்வது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. உள்ளடக்கத்தைப் பற்றித் தவறான எண்ணம் தரும் தலைப்புகளை யூடியூபின் விதிகளும் தடை செய்கின்றன. ஆண்டைப் போட்டால் அந்த ஆண்டு போய் விசாரித்த விலை உள்ளே இருக்க வேண்டும்.

நான்காமவருக்குத் தலைப்பால் பெரிய உதவி இல்லை. அவர் சேனலின் பெயரையே தட்டுகிறார். அவருக்கு வழிகாட்டுவது சேனல் பெயரும், @ குறியோடு வரும் ஹேண்டிலும்தான். இருந்தும் பலர் ஒவ்வொரு வீடியோ தலைப்பின் தொடக்கத்திலும் சேனல் பெயரை எழுதி இடத்தை வீணடிக்கிறார்கள். தமிழ்ப் பெயர்களில் வேறொரு சிக்கல் உண்டு: "சமையல்" என்பதை ஒருவர் samayal என்று தட்டுவார், இன்னொருவர் samaiyal என்பார். இப்படிப் பலவிதமாக எழுதப்படும் சொற்களை டேக்கில் சேர்க்கலாம். டேக்குகளால் மற்றபடி பெரிய பயன் இல்லை, எழுத்துப்பிழையோடு தேடப்படும் சொற்களுக்கு உதவும் என்று யூடியூபே சொல்கிறது. தொடராக வரும் வீடியோக்களில் மட்டும் தொடரின் பெயரையும் பாகத்தின் எண்ணையும் தலைப்பில் வைப்பது நியாயம்; அடுத்த பாகத்தைத் தேடி வருபவர் அதைத்தான் தட்டுவார்.

இனி அந்த அம்மா என்ன செய்யலாம்? தலைப்பை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடியும். கழுவும் ஐந்து நிமிடத்தைத் தனி வீடியோவாகப் போடுவதே சரி. அதற்கு "புது கிரைண்டரை முதல் தடவை கழுவி பழக்குவது எப்படி?" என்ற தலைப்பு போதும்; முதல் அரை நிமிடத்துக்குள் தண்ணீரும் கல்லும் திரையில் வந்துவிட வேண்டும். பழைய நீள வீடியோவை ஒப்பீடாகவே வைத்துக்கொண்டு, அதற்கேற்ற தலைப்பைத் தரலாம். விளக்கப் பகுதியில் நேரக்குறிப்பும் சேர்க்கலாம்:

```
0:00 பெட்டியில் என்ன இருக்கு
2:00 டில்டிங், டேபிள் டாப் ஒப்பீடு
6:00 கழுவிப் பழக்கும் முறை
11:00 விலை
```

முதல் குறிப்பு 0:00 ஆகவும், குறைந்தது மூன்று குறிப்புகளாகவும் இருந்தால் யூடியூப் இதை அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும்.

தமிழில் தலைப்பு எழுதுபவர் இடத்தையும் கவனிக்க வேண்டும். தலைப்புக்கு யூடியூப் தரும் எல்லை 100 குறிகள். நம் கண்ணுக்கு "கிரைண்டர்" ஐந்து எழுத்து. கணினியோ கொக்கியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி ஒன்பது என்கிறது. மேலே சொன்ன கழுவும் வீடியோவின் தலைப்பே 49 குறிகளைத் தின்றுவிடுகிறது. போன் திரையில் நீளத் தலைப்பின் வால் வெட்டுப்படும் என்பதால், தேடுபவரின் சொல் முன்னால் வர வேண்டும். "வாங்க பார்க்கலாம் நண்பர்களே" என்பதெல்லாம் இருக்க வேண்டுமென்றால் கடைசியில் இருக்கட்டும்.

தலைப்பு சரியாகப் பொருந்தியதா என்பதை இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும். ஒன்று, தேடலில் வீடியோ கண்ணில் பட்டவர்களில் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற விகிதம். மற்றது, முப்பதாவது நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது. கிளிக் குறைவு, வந்தவர்களோ நின்று பார்க்கிறார்கள் என்றால் வீடியோ நன்றாக இருக்கிறது, தலைப்பில் அவர்களின் சொல் இல்லை. கிளிக் அதிகம், முப்பது நொடிக்குள் கூட்டம் கலைகிறது என்றால் தலைப்பு ஒன்றைச் சொல்லி வீடியோ வேறொன்றைக் காட்டுகிறது. கிளிக் விகிதத்தைப் பொதுவாகப் பார்க்காமல் தேடல் வழியாக வந்தவர்களுக்கு மட்டும் பிரித்துப் பார்ப்பது அவசியம். பாதிச் சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக யூடியூப் சொல்கிறது. அதனால் பக்கத்து சேனலோடு ஒப்பிட்டு வருந்துவதைவிடத் தன் சேனலின் மற்ற வீடியோக்களோடு ஒப்பிடுவதே பயன் தரும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. முகப்புப் பக்கத்திலும் "அடுத்து பாருங்கள்" வரிசையிலும் வீடியோவைச் சந்திப்பவர் எதையும் தேடவில்லை. அவருக்குக் கேள்வியே கிடையாது. ஆர்வத்தைக் கிளறும் தலைப்புதான் அவரிடம் வேலை செய்யும். சேனலின் பார்வைகளில் பெரும்பகுதி அங்கிருந்து வருமானால், எல்லாத் தலைப்புகளையும் தேடல் சொற்களாக மாற்றி எழுதுவது இருக்கும் பார்வையாளர்களையும் விரட்டிவிடும். எந்த வாசல் வழியாக யார் வருகிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

மாற்றிய பிறகு நான்கு வாரமாவது பொறுத்து, மாற்றுவதற்கு முந்தைய நான்கு வாரத்தோடு ஒப்பிடலாம். கிரைண்டர் போன்ற பொருளுக்கு அந்த ஒப்பீட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் நெருங்கும்போது விலை தேடுபவர்கள் கூடுவார்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் அடுத்த வாரம் கழுவும் முறையைத் தேடுவார்கள். ஆனி மாதத்தில் மாற்றிய தலைப்புக்கு ஆடியில் கூட்டம் சேர்ந்தால், அதில் தலைப்பின் பங்கு எவ்வளவு, தள்ளுபடியின் பங்கு எவ்வளவு என்று அறிய, தலைப்பு மாற்றாத இன்னொரு கிரைண்டர் வீடியோவின் எண்களையும் அதே வாரங்களுக்கு எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.